ஐந்து பை சீமெந்தை எந்தத் தலைப்பில் போடுவது?

பற்றுச்சீட்டுகளைப் படம் பிடித்து, திகதி, கடை, தொகை என்று விரிதாளில் இறக்கித் தரும் செயலிகள் இப்போது சின்னத் தொழில்களிலும் வந்துவிட்டன. தட்டச்சு வேலை மிச்சம்தான். ஆனால் அந்த வரிசைகளைக் கடையின் பெயரை மட்டும் பார்த்துக் கணக்குத் தலைப்புகளுக்குள் தள்ளினால் மாத இலாபம் பிழைத்துவிடும். சீட்டில் கடையின் பெயர் இருக்கும். பொருள் எதற்குப் போனது என்பது இருக்காது. பேரேட்டுத் தலைப்பைத் தீர்மானிப்பதோ அந்த இரண்டாவது விடயம்தான்.

பரந்தன் பக்கத்துச் சிறிய அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி நகரில் ஒரு ஹாட்வெயார் கடைச் சீட்டு. அதில் உமி நீக்கும் றப்பர் றோலர் ஒரு சோடி 24,000, பெல்ற் இரண்டு 3,600, சீமெந்து ஐந்து பை 10,000, நெல் நிறுக்கும் மின்தராசு 38,000. கூட்டினால் 75,600. கழிவு 600 போக 75,000 ரூபா. உரிமையாளர் 80,000 கொடுத்து 5,000 மிச்சம் வாங்கியிருக்கிறார்.

முதல் பிழை இங்கேயே வரலாம். சீட்டின் அடியில் பெரிய எழுத்தில் இருக்கும் 80,000 ரூபாவையே செயலி தொகையாக எடுத்துவிடும். மிச்சக்காசு அச்சான சீட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். காசேட்டு மீதியும் கையிலுள்ள காசும் 5,000 ரூபாவால் விலகும்போதுதான் பலர் இதைக் காண்கிறார்கள். உருப்படிகளைக் கூட்டிக் கழிவைக் கழித்துப் பார்த்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தொகையைத் திருத்திய பிறகும் இதை ஒரே வரியாக விட முடியாது, மூன்றாகப் பிரிக்க வேண்டும். கழிவையும் விலை விகிதப்படி பங்கிட வேண்டும். றோலரும் பெல்ற்றும் தேய்ந்து மாற்றுகிற சாமான்கள், ஆகவே 27,381 ரூபா இயந்திரப் பராமரிப்புக்குப் போகும். தராசு பல வருடம் நிற்கும் பொருள். அதன் 37,698 ரூபா சொத்துக் கணக்குக்குப் போகும். ஐந்து வருடம் பாவிக்கலாம் என்று கொண்டு சமமாகப் பிரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 628 ரூபாதான் தேய்மானச் செலவு. முழுத்தொகையையும் பராமரிப்பில் போட்டால் அந்த மாதம் ஆலை நட்டத்தில் ஓடியதுபோலக் காட்டும், அடுத்த மாதங்கள் வீணாக நல்லாய்த் தெரியும்.

மிச்சம் 9,921 ரூபாச் சீமெந்து. ஆலைத் தரையில் வெடிப்பு அடைத்திருந்தால் அது கட்டடப் பராமரிப்பு. நெல் காயவிடப் புதுத்தளம் போட்டிருந்தால் சொத்து, கூடவே அந்தத் தளத்துக்கான மணலும் மேசன் கூலியும் அதே சொத்தில் சேர வேண்டும். வீட்டுக் கிணற்றுக்கட்டுக்குப் போயிருந்தால் உரிமையாளரின் எடுப்பனவு, செலவே அல்ல. மூன்றுக்கும் ஒரே சீட்டுத்தான். ஆகவே பொருள் வாங்கின அன்றே சீட்டின் முன்பக்கத்தில் ‘தளம்’, ‘வீடு’ என்று பேனையால் ஒரு சொல் எழுதிவிட்டுப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் எழுதினால் படத்தில் வராது. டீசல் சீட்டுக்கும் இதே வழக்கம் வேண்டும். ஜெனரேற்றருக்கு அடித்தது ஆலை எரிபொருள், நெல் ஏற்றி வந்த உழவு இயந்திரத்துக்கு அடித்தது நெல்லின் கொள்வனவுச் செலவு.

எழுதாமல் வந்த சீட்டை ஊகித்துப் போடவேண்டாம், ‘பல்வகைச் செலவு’ என்ற பெட்டிக்குள்ளும் எறியவேண்டாம். தலைப்பு முடிவாகும்வரை தற்காலிகமாகப் போட்டுவைக்கும் தொங்கல் கணக்கில் வைத்து, மாதக் கணக்கை மூடுமுன் உரிமையாளரிடம் கேட்டு அந்தக் கணக்கைச் சுழியமாக்குங்கள்.

கடனுக்கு வாங்குவதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பங்குனி 28இல் அரிசிப் பைகள் கடனுக்கு வாங்கிய பில் ஒன்று, சித்திரை 12இல் காசு கட்டிய பற்றுச்சீட்டு இன்னொன்று. செயலிக்கு இரண்டும் செலவுதான். உண்மையில் பில் வந்தபோதே செலவு பதியப்பட்டு, கடன்கொடுத்தோர் கணக்கில் தொகை ஏறியிருக்க வேண்டும். கட்டிய சீட்டு அந்தக் கடனைத்தான் குறைக்கும். விரிதாளில் B நிரலில் கடையும் C நிரலில் தொகையும் இருந்தால், வெற்று நிரல் ஒன்றின் இரண்டாம் வரியில் இதைப் போட்டுக் கீழே கடைசி வரிவரை இழுத்துத் தேடலாம்:

```
=COUNTIFS(B:B,B2,C:C,C2)
```

ஒன்றுக்கு மேல் வருகிற வரிகளை மூலச் சீட்டோடு ஒப்பிடுங்கள். திகதியை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, சேர்த்தால் இந்தச் சோடி அகப்படாது. கடனைத் துண்டு துண்டாகக் கட்டியிருந்தால் இந்தச் சூத்திரமும் உதவாது, கடைக் கொப்பியைத்தான் பார்க்க வேண்டும்.

மின்கட்டணப் பட்டியலிலும் இதே சிக்கல்தான். மொத்தமாகக் கட்டவேண்டிய தொகைக்குள் போன மாத நிலுவையும் சேர்ந்திருக்கும். அந்த மாதத்துக்குரிய கட்டணம் தனியாக ஒரு வரியில் இருக்கும், செலவாகப் பதிய வேண்டியது அதை மட்டும்தான்.