‘தோற்ற உரிமம்’ என்றால் யார் தோற்றது?

பிரிக்ஃபீல்ட்ஸில் மாணவர்களுக்கு நடந்த உயிரியல் வகுப்பில் போன வாரமும் அதே தொடர்: ‘தோற்ற உரிமம் வழங்கல்’. ஆங்கிலத்தில் ஆரிஜின் லைசென்சிங் என்பதற்கு வைத்த மொழிபெயர்ப்பு. முன்வரிசைப் பெண் அதை எழுதிக்கொண்டே, “யார் தோற்றது?” என்று பக்கத்தில் கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. தோற்ற அணி என்றுதானே சொல்கிறோம். டிஎன்ஏ இரட்டிப்பு தொடங்கும் இடத்துக்குத் தோற்றுவாய் என்ற நல்ல சொல் இருக்கிறது.

லைசென்ஸ் என்பதன் வேர் ‘அனுமதிக்கப்பட்டது’ என்று பொருள்படும் லத்தீன் சொல். 1988-ல் பிளோ, லாஸ்கி என்னும் ஆய்வாளர்கள் தவளை முட்டைச் சாற்றில் ஒன்றைக் கண்டார்கள்: ஒருமுறை இரட்டித்த உட்கரு மறுபடி இரட்டிக்கவில்லை, உட்கருச் சவ்வில் ஓட்டை விழச் செய்தால் இரட்டித்தது. மறுபடி இரட்டிக்க வெளியிலிருந்து வரவேண்டிய அந்த அனுமதிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் லைசென்சிங்.

சரி, உரிமம் என்றால் என்ன தப்பு? கடைச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் லைசென்ஸை நினையுங்கள். வருடம் முழுக்க எத்தனை வியாபாரம் செய்தாலும் அது அங்கேயே இருக்கும். செல்லில் நடப்பது அப்படி இல்லை. செல் பிரிந்து முடியும் நேரம் தொடங்கி, இரட்டிப்புக்கு முந்தைய கட்டம் வரை, சிடிடி1 முதலான புரதங்கள் எம்சிஎம் என்னும் புரத வளையங்களை இரண்டிரண்டாகத் தோற்றுவாயில் ஏற்றுகின்றன. இந்த ஏற்றுதல்தான் அனுமதி. இரட்டிப்பு தொடங்கியதும் இரு வளையங்களும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடும், தோற்றுவாய் வெறுமையாகும். தொடங்காத தோற்றுவாயும் தப்பாது. பக்கத்திலிருந்து வரும் இரட்டிப்பு அதைக் கடக்கும்போது வளையங்கள் கழன்றுவிடும். பார்க்கிங் கூப்பனைச் சுரண்டியாயிற்று என்றால் அவ்வளவுதான், அதுபோல.

புதுக் கூப்பன் ஏன் கிடைப்பதில்லை? ஏற்றும் நேரமும் இரட்டிக்கும் நேரமும் ஒன்றாக வருவதே இல்லை. இரட்டிப்பைத் தொடங்கிவைக்கும் சிடிகே நொதியே புதிதாக ஏற்றுவதையும் தடுக்கிறது. நம் செல்களில் ஜெமினின் என்னும் புரதம் சிடிடி1-ஐப் பிடித்து முடக்குகிறது. சிடிடி1-இல் பெரும்பகுதி அழிக்கவும்படுகிறது. செல் பிரியும்போது ஜெமினின் அழிந்த பிறகுதான் மறுபடி ஏற்ற முடியும்.

அதனால் நான் ‘இசைவேற்றம்’ என்கிறேன். இசைவு என்றால் சம்மதம், ஏற்றம் என்றால் வளையத்தை ஏற்றுவது. ‘அனுமதி வழங்கல்’ என்றாலாவது பரவாயில்லை. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சொல் இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே இல்லை. தோற்றுவாய் வேலையைத் தொடங்குவதை, ஆங்கிலத்தில் ஃபயரிங் என்பதால், ‘சுடுதல்’ என்று எழுதுவதும் அவர்கள்தான்.

உரிமம் என்று படித்த பிள்ளை, இருக்கும் உரிமத்தை இரண்டாம் முறையும் பயன்படுத்தலாமே என்றுதான் நினைப்பான். ஆய்வகத்தில் சில வகைச் செல்களில் ஜெமினினை நீக்கினால் இரண்டாம் முறை இரட்டிப்பு நடக்கத்தான் செய்கிறது, ஆனால் பழைய அனுமதியால் அல்ல, புதிய அனுமதியால். தோற்றுவாயில் வளையம் மறுபடி ஏறுகிறது, இரட்டித்த டிஎன்ஏவே திரும்பவும் இரட்டிக்கிறது. செல்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தால், டிஎன்ஏ இரண்டு மடங்கோடு நிற்காமல் அதைத் தாண்டிப் போயிருக்கும்.