பத்து ரூபாய்ப் பங்கும் வராத காசுக்கு வரும் வரியும்

கிளிநொச்சி, வவுனியா பக்கம் இப்போது சின்னச் சின்ன மென்பொருள் கம்பனிகளும் பால், அரிசி, கடலுணவு பதப்படுத்தும் கம்பனிகளும் வருகின்றன. புலம்பெயர்ந்த உறவுகளின் முதலீடும் வருகிறது. ஆனால் நல்ல ஆளைக் கொழும்புக்குப் போகாமல் பிடித்து வைக்கச் சம்பளம் போதாது. ஆகவே முதலாளி சொல்வார்: “தங்கச்சி, சம்பளத்தை இப்ப கூட்டேலாது. கம்பனியில பங்கு தாறன், பத்து ரூபாப்படி. இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.” அந்தக் கையெழுத்தின் வரிக் கணக்கை அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை.

சட்டம் சொல்வது சுருக்கமானது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, ஊழியர் பங்குத் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட பங்கின் அன்றைய சந்தைப்பெறுமதியில் இருந்து நீங்கள் கட்டிய காசைக் கழித்தால் வரும் மிச்சம் உங்கள் தொழில் வருமானம். அது சம்பளத்தோடு சேரும், சம்பளத்துக்குரிய வீதத்திலேயே வரியும் விழும். பங்கை விற்றீர்களா, ஒரு சதமாவது கையில் வந்ததா என்று சட்டம் கேட்காது. பணிப்பாளர் பதவியும் இந்தச் சட்டத்தில் தொழில்தான். “நான் கம்பனி தொடங்கின ஆள், ஊழியர் இல்லை” என்று நிறுவுநர்கள் சொல்லித் தப்ப முடியாது. கம்பனி பதிவான அன்றே, அது வெறும் பெட்டியாக இருக்கும்போது, எல்லோரும் ஒரே விலைக்கு எடுத்த பங்கில் பெரும்பாலும் வித்தியாசம் எதுவும் இராது. வில்லங்கம் பிறகு, முதலீட்டாளர் வந்தபின் எடுக்கும் பங்கில்தான்.

வரியைப் பார்க்க முன்னம் ஒன்றைப் பாருங்கள்: கொடுப்பது பங்குதானா? வன்னியில் ‘கம்பனி’ என்று பெயர்ப்பலகை போட்ட பல இடங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயராக மட்டும் பதிந்தவை. அது தனியாள் வியாபாரம் அல்லது கூட்டு வியாபாரம். அதற்குப் பங்கே கிடையாது, ஆகவே ஒதுக்கவும் முடியாது. கடிதத்தலைப்பில் “உமக்கு 5 வீதப் பங்கு” என்று எழுதி முத்திரை குத்தித் தந்தாலும் பங்குதாரருக்குரிய உரிமை எதுவும் அதனால் வராது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். தனியார் கம்பனி என்றால் இலக்கம் PV என்று தொடங்கும், தந்தது கம்பனிகள் பதிவாளர் திணைக்களமாக இருக்கும். பங்கு ஒதுக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் போய் விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோப்பு அங்கே இல்லை. அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பாமல் “திங்கட்கிழமை வாங்கோ” என்று சொன்னால் ஒரு நாள் லீவு போனதுதான் மிச்சம்.

இரண்டாவது, தருவது பங்கா, பிறகு பங்கு வாங்கும் உரிமையா? “மூன்று வருடம் வேலை செய்தால் 3,000 பங்கைப் பத்து ரூபாய்க்கு எடுக்கலாம்” என்று எழுதியிருந்தால் அது உரிமை. அதைத் தரும் அன்று வரி இல்லை, சட்டமே விலக்கியிருக்கிறது. உரிமையைப் பயன்படுத்திப் பங்கு உங்கள் பெயரில் ஒதுக்கப்படும் அன்றுதான் கணக்கு, அன்றைய பெறுமதிக்கு. இதில் இரண்டு பக்கமும் பிழை விடுகிறார்கள். உரிமைக் கடிதம் கிடைத்த வருடமே வருமானமாகக் காட்டி வீணாக வரி கட்டுபவர்களும் உண்டு. கடிதம் வந்தபோது வரி இல்லை என்று கேள்விப்பட்டு, மூன்று வருடம் கழித்துப் பங்கு எடுத்ததையும் காட்டாமல் விடுபவர்களும் உண்டு.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏ-9 வீதிக் கரையில் ஒரு மென்பொருள் கம்பனி. அங்கே ஒரு பொறியியலாளருக்கு மாதச் சம்பளம் 200,000 ரூபாய். சேமலாப நிதிக்கு 16,000, முற்பண வருமான வரிக்கு 3,000 போக 181,000 கையில் வருகிறது. 2025/26 வரி ஆண்டில் அவருக்கு 3,000 பங்கு, ஒன்று 10 ரூபாய்ப்படி. அவர் வங்கியில் கட்டியது 30,000. ஆனால் இரண்டு மாதம் முன்னம் ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் அதே வகைப் பங்கை 510 ரூபாய்ப்படி எடுத்திருக்கிறார். அந்த விலை கம்பனியின் கோப்பிலேயே கிடக்கிறது.

வித்தியாசம் பங்குக்கு 500, மொத்தம் 1,500,000 ரூபாய். வருடச் சம்பளம் 2,400,000. இதில் 1,800,000 தனிநபர் நிவாரணம் போக 600,000க்குத்தான் அவர் இதுவரை 6 வீதப்படி, வருடத்துக்கு 36,000 வரி கட்டி வந்தார். இப்போது வரி விழும் தொகை 2,100,000. முதல் பத்து இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த ஐந்து இலட்சத்துக்கு 24, மிச்ச ஓர் இலட்சத்துக்கு 30. கூட்டினால் 300,000 ரூபாய். பங்கினால் மட்டும் கூடிய வரி 264,000. ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்தாலும் போதாது, விற்க ஆளில்லாத பங்குக்கு.

“பங்குக்கு யார் விலை போட்டது? எங்கட கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில இல்லையே” என்பது அடுத்த சமாதானம். சந்தையில் இல்லாத கம்பனிக்கும் சந்தைப்பெறுமதி உண்டு. அண்மையில் வெளியாள் ஒருவர் கட்டிய விலைதான் வரி அதிகாரி முதலில் கேட்பது. முதலீட்டாளர் எடுத்தது முன்னுரிமைப் பங்கு, உங்களுக்குத் தந்தது சாதாரணப் பங்கு என்றால் இரண்டும் ஒரே பெறுமதி இல்லை என்று வாதாடலாம். ஆனால் வாயால் சொன்னால் நிற்காது. ஒதுக்கிய திகதியில் கணக்காளர் எழுதிய மதிப்பீடு கோப்பில் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து இறைவரித் திணைக்களத்தின் கடிதம் வந்தபிறகு எழுதும் மதிப்பீட்டை யார் மதிப்பார்? பங்கு வழங்க முன்னம் அந்த விலை நியாயமானது என்று பணிப்பாளர் சபை தீர்மானம் எடுக்க வேண்டும் என்கிறது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம். அந்தத் தீர்மானத்தைக் காட்டி “பத்து ரூபாய்தான் பெறுமதி, சபையே சொல்லிப்போட்டுது” என்பார்கள். அது கம்பனிக்கும் மற்றப் பங்குதாரருக்கும் நியாயமா என்ற தீர்மானம். வரிக்குரிய சந்தைப்பெறுமதி வேறு கணக்கு.

முதலீட்டாளர் வர முன்னம் ஒதுக்கியதாகத் திகதியைப் பின்னுக்குப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். பங்கு வழங்கி 20 வேலை நாட்களுக்குள் அதை அறிவிக்கும் 6ஆம் படிவம் கம்பனிகள் பதிவாளரிடம் போக வேண்டும். அங்கே ஏறிய திகதி ஒன்று, உங்கள் சான்றிதழில் வேறொன்று என்றால் மாட்டுவது கையெழுத்து வைத்தவர்கள் எல்லோரும்தான். முன்னமே கொடுக்க நினைத்தால் முன்னமே கொடுத்திருக்க வேண்டும். நிறுவுநர்களுக்கும் முதல் ஊழியர்களுக்கும் உண்மையில் மலிவான வழி அதுதான்.

சட்டத்துக்குள் நின்றே குறைக்க இன்னொரு வழியும் உண்டு. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. மேலே சொன்ன 3,000 பங்கில் 1,500ஐ மார்ச்சிலும் மிச்சத்தை ஏப்ரலிலும் ஒதுக்கினால், சம்பளமும் பங்கின் பெறுமதியும் வரி வீதங்களும் மாறாவிட்டால், ஒவ்வொரு ஆண்டும் கூடும் வரி 87,000. இரண்டும் சேர்ந்து 174,000. மிச்சம் 90,000 ரூபாய். இரண்டு தீர்மானம், இரண்டு 6ஆம் படிவம், இரண்டு தரம் காசு கட்டிய சீட்டு இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒதுக்கிவிட்டுக் கடதாசியில் மட்டும் பிரித்தால் அது பிரிப்பு இல்லை.

வரியை யார் கட்டுவது? ஒதுக்கிய மாதத்துச் சம்பளத்தில் இந்த வரியையும் பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் தொழில்தருநர் செலுத்த வேண்டும். நடப்பது வேறு. சம்பளம் போடும் பிள்ளைக்குப் பங்கு விசயமே தெரியாது, பங்குக் கோப்பு செயலாளர் நிறுவனத்தில் கொழும்பில். வருட முடிவில் வரும் ரி-10 சான்றிதழில் சம்பளம் மட்டும் இருக்கும். “ரி-10இல் இல்லை, ஆகவே எனக்கு வரி இல்லை” என்று இருந்துவிடாதீர்கள். பிடிக்காமல் விட்டது கம்பனியின் பிழை. ஆனாலும் வருமானம் உங்களுடையது, வரிக் கடனும் உங்களுடையது. உங்கள் விபரத்திரட்டில் நீங்களே காட்ட வேண்டும். மிச்ச வரிக்குக் கடைசி நாள் செப்ரெம்பர் 30, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30. பிந்தினால் மாதம் 1.5 வீத வட்டி ஓடும், தண்டம் வேறு.

“வரியைக் கம்பனி பார்த்துக்கொள்ளும்” என்றால் எழுத்தில் வாங்குங்கள். கம்பனி உங்களுக்காகக் கட்டும் வரியும் உங்கள் வருமானமாகவே எண்ணப்படும் என்பதையும், அதற்கு மேல் விழும் வரியை யார் கட்டுவார் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் முல்லைத்தீவில் இருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் உள்ள இறைவரித் திணைக்கள அலுவலகத்துக்குப் போக முன்னம் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். “பங்குக்கு வரி உண்டா” என்று கேட்டால் பங்கு விற்ற இலாபம் பற்றி ஒருவர், பங்கிலாபம் பற்றி இன்னொருவர் பதில் சொல்வார். “ஊழியர் பங்குத் திட்டத்தில் ஒதுக்கிய பங்கு, தொழில் வருமானம்” என்றே கேளுங்கள். நேரில் போனால் ரின் இலக்கம், ஒதுக்கல் கடிதம், பதிவாளர் ஏற்ற 6ஆம் படிவத்தின் பிரதி, காசு கட்டிய வங்கிச் சீட்டு, ரி-10 ஐந்தையும் கொண்டுபோங்கள். கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளிக்கிடாதீர்கள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி இல்லாத கடிதம் அலுவலகத்துக்கு வராத கடிதம்.

கையெழுத்துக்கு முன்னம் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் வாசியுங்கள். “மூன்று வருடத்துக்குள் விலகினால் பங்கைக் கட்டிய விலைக்கே கம்பனி திரும்ப எடுக்கும்” என்று பல இடத்தில் எழுதியிருக்கும். பங்கு முதல் நாளே உங்கள் பெயரில் ஏறி, பதினெட்டாம் மாதம் நீங்கள் விலகினால் கம்பனி தருவது அந்த 30,000. நீங்கள் கட்டிய 264,000ஐக் கம்பனியும் தராது, பங்கு போய்விட்டது என்று திணைக்களமும் தானாகத் திருப்பி அனுப்பாது. இப்படி ஒரு நிபந்தனை இருந்தால், பங்கை இப்போது ஒதுக்க வேண்டாம், மூன்று வருடம் முடிந்தபின் எடுக்கும் உரிமையாக எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். அப்போது கம்பனி வளர்ந்திருந்தால் வரி இதைவிடக் கூடத்தான் வரும். ஆனால் அது உங்களிடம் நிற்கும் பங்குக்குக் கட்டும் வரி.