இடுப்பு அழற்சி நோய்: இடுப்பில் வராத நோய்க்கு இப்படி ஒரு பெயர்

"காய்ச்சல், இடுப்பு வலி, அசாதாரண வெளியேற்றம் ஆகியவை இடுப்பு அழற்சி நோயின் அறிகுறிகள், உடனே இடுப்புப் பரிசோதனை செய்துகொள்ளவும்." பெண்களுக்கான துண்டறிக்கைகளில் இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் தமிழ்தான், ஆனால் படிக்கிற பெண்ணுக்கு எந்த இடத்தில் என்ன கோளாறு என்பது மட்டும் புரியாது.

ஆங்கிலத்தில் இது பெல்விக் இன்ஃப்ளமேட்டரி டிசீஸ், மருத்துவர்கள் வாயில் பி.ஐ.டி. பெல்விஸ் என்பது லத்தீனில் அகன்ற பாத்திரம். இடுப்பெலும்புகள் சேர்ந்து அமைக்கும் குழிவுக்கு அந்தப் பெயர் வந்தது, பிறகு அதற்குள் இருக்கும் கருப்பை, கருக்குழாய், சினைப்பை எல்லாவற்றையும் தொட்டுப் பேச 'பெல்விக்' என்ற அடைமொழி வந்துவிட்டது. அழற்சி, அழல் என்ற சொல்லிலிருந்து, அதாவது நெருப்பிலிருந்து வந்தது. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

சிக்கல் 'இடுப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் இடுப்பு என்றால் புடவை செருகும் இடம், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடம். "இடுப்பு வலிக்குது" என்று ஒரு பெண் சொன்னால் முதுகுக்குக் கீழே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், நிறைமாதமாக இருந்தால் பிரசவ வலி என்று பொருள். இந்த நோயின் வலி இரண்டும் இல்லை. தொப்புளுக்குக் கீழே, பெரும்பாலும் இரண்டு பக்கமும், மந்தமாக ஆரம்பித்து விடாமல் இருக்கும் வலி. நடந்தால், குதித்தால், உடலுறவின்போது கூடும். இதற்கு நம்மிடம் 'அடிவயிற்று வலி' என்று யாருக்கும் விளக்க வேண்டாத சொல் இருக்கும்போது இடுப்பை ஏன் இழுக்க வேண்டும்? எலும்பைப் பற்றிப் பேசுகிற பாடப்புத்தகத்தில் இடுப்பு வளையம் என்று இருக்கட்டும், அது சரி. அங்கிருந்து எடுத்து நோயின் பெயரில் ஒட்டியதுதான் தவறு.

இலங்கைத் தமிழில் பெல்விஸுக்குக் 'கூபகம்' என்பார்கள். இடுப்போடு குழம்பாது என்ற அளவில் அது நேர்மையான சொல், மாணவர்களுக்கு உதவும். ஆனால் காய்ச்சலோடு புறநோயாளி வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் "கூபக அழற்சி" என்றால், அவருக்குத் தெரியாத ஆங்கிலத்துக்குப் பதில் தெரியாத தமிழைக் கொடுத்ததாகத்தான் ஆகும். தூய்மை எனக்கும் பிடிக்கும், அது கேட்பவருக்குப் புரிந்த பிறகு.

அழற்சி என்ற சொல்லைப் பொதுவாக நான் எதிர்ப்பதில்லை. இந்த நோயில் மட்டும் அது தவறான எதிர்பார்ப்பைக் கொடுக்கிறது. அழல் என்றதும் காய்ச்சல், எரிச்சல் என்று மனம் போகும். நடப்பு வேறு. காய்ச்சல், அடிவயிற்று வலி, மாறுபட்ட வெள்ளைப்படுதல் மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகம் வலுவாகிறது, உடனே போக வேண்டும் என்பது உண்மை. ஆனால் இந்த நோய் வந்தவர்களில் நிறையப் பேருக்குக் காய்ச்சலே இருக்காது. "காய்ச்சல் இல்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று இருப்பவர்களுக்குத்தான் கருக்குழாய் மெல்ல மெல்லத் தழும்பாகி அடைபடுகிறது. உண்மையில் நடப்பது தொற்று. கிளமிடியா, கொனோரியா போன்ற நோய்களின் கிருமிகளோ பிறப்புறுப்பில் வழக்கமாகவே வாழும் கிருமிகளோ கருப்பை வாயைத் தாண்டி மேலே ஏறி, கருப்பைக்கும் குழாய்க்கும் போய்விடுகின்றன. ஆகவே நான் சொல்லும் பெயர் 'கருப்பை-குழாய்த் தொற்று'. சினைப்பையும் வயிற்று உள்சவ்வும்கூடப் பாதிக்கப்படுமே என்பார்கள். படலாம்தான், ஆனால் நிரந்தரச் சேதம் அதிகம் விழுவது குழாயில், அதனால் பெயரில் குழாய் இருந்தே ஆக வேண்டும். ஸ்வீடனின் லுண்ட் நகரில் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், குழாய் பாதித்துக் குழந்தையில்லாமல் போனவர்கள் ஒருமுறை இந்தத் தொற்று வந்தவர்களில் சுமார் 8 சதவீதம், இரண்டு முறை வந்தவர்களில் கிட்டத்தட்ட 20, மூன்று முறை அல்லது அதற்கு மேல் வந்தவர்களில் 40.

அடுத்தது 'வெளியேற்றம்'. புகையை, கழிவுநீரைச் சொல்லும் சொல். ஊரில் எல்லோருக்கும் வெள்ளைப்படுதல் தெரியும், அதிலும் எது வழக்கம் எது வழக்கமில்லை என்று சொல்லிக் கொடுப்பதுதான் வேலை. மாதவிடாய்களுக்கு நடுவில் நிறமில்லாமல், வழவழப்பாக, நாற்றமில்லாமல் படுவது இயல்பு. மஞ்சளாக, பச்சையாக, சீழ் மாதிரி, துர்நாற்றத்தோடு, இடையில் ரத்தக்கறையோடு படுவது இயல்பில்லை. பழைய வழக்கில் 'வெட்டை' என்று ஒரு சொல் உண்டு, அது உடம்புச் சூட்டோடு ஒட்டிப் போனதால் இன்னும் பலர் இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டுக்கொண்டு பல வாரம் காத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை.

'இடுப்புப் பரிசோதனை' இவை எல்லாவற்றையும் விட மோசம். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். 26 வயதுப் பெண், மாதவிடாய் முடிந்து ஒரு வாரத்தில் அடிவயிறு வலிக்கிறது, 101 டிகிரி காய்ச்சல், மஞ்சளாக வெள்ளைப்படுகிறது. மருத்துவர் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்வார், ஏனென்றால் குழாயில் தங்கிய கருவும் இதே இடத்தில் வலிக்கும், அது உயிருக்கே ஆபத்து. வலது பக்கம் மட்டும் வலித்தால் குடல்வாலையும் நினைப்பார். பிறகு உள் பரிசோதனை: இரண்டு விரலை உள்ளே வைத்துக் கருப்பை வாயை இலேசாகப் பக்கவாட்டில் அசைப்பார், மறுகையால் வயிற்றுக்கு மேலிருந்து அழுத்துவார். அசைத்த மாத்திரத்தில் அந்தப் பெண் வலியில் துள்ளினால், அல்லது கருப்பையிலோ அதன் பக்கங்களிலோ அழுத்தும்போது வலித்தால், வலிக்கு வேறு காரணம் தெரியாதபோது அந்த ஒரு அடையாளமே மருந்தைத் தொடங்கப் போதும். ஸ்கேன் சாதாரணமாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று நினைத்து வந்தவரிடம் திடீரென்று இதைச் செய்தால் அவர் மறுத்து எழுந்து போய்விடுவார், நோய் அப்படியே இருக்கும். செவிலியர்கள் எல்லோரும் "உள்ளே பார்க்கணும்மா" என்றுதான் சொல்கிறார்கள். 'உள் பரிசோதனை' அவர்கள் வாயிலேயே இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டு ஒரு மணி நேரம் அந்த அறை வாசலில் நின்றாலே போதும்.

இந்தியாவின் பால்வினைத் தொற்றுத் திட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. அடிவயிற்று வலி இல்லாமல் வெள்ளைப்படுதல் மட்டும் என்றால் பச்சை அல்லது சாம்பல் நிற மருந்துப் பெட்டி, அடிவயிற்று வலியும் சேர்ந்தால் மஞ்சள் பெட்டி. மஞ்சளில் ஒரு வேளை செஃபிக்ஸிமும், 14 நாளுக்கு டாக்ஸிசைக்ளின், மெட்ரோனிடசோல் மாத்திரைகளும் வரும். கர்ப்பம், கடும் காய்ச்சல், விடாத வாந்தி, சீழ்க்கட்டி சந்தேகம் என்றால் பெட்டி கொடுத்து அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்ப்பார்கள். மூன்று நாளில் வலி குறையாவிட்டாலும் திரும்பப் பார்த்தாக வேண்டும். அந்தத் திட்டத்துக்கு 'அடிவயிற்று வலி' போதுமானதாக இருக்கும்போது துண்டறிக்கைக்கு மட்டும் ஏன் போதவில்லை?

ஒன்றை மட்டும் பெயரில் சேர்க்க மாட்டேன், அது 'பால்வினை'. காப்பர் டி போட்ட முதல் சில வாரங்களிலும், கருக்கலைப்புக்குப் பிறகும்கூட இந்தத் தொற்று வரலாம், எல்லோர் மேலும் ஒரே முத்திரை குத்தக் கூடாது. ஆனால் துண்டறிக்கையின் உள்ளே, கணவரோ துணைவரோ தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தாலும் அவரும் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை உடலுறவு கூடாது என்பதை நேரடியாக எழுத வேண்டும். நான் பார்த்த அறிக்கைகளில் அந்த இடத்தில் "கூட்டாளர் மேலாண்மை" என்று இருக்கிறது.