ஆச்சி பேரில் போட்ட டெபாசிட்

போன மாதம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாத்தாவும் ஆச்சியும் பேத்தியோடு பாளையங்கோட்டையில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பேத்தி பி.காம். படிக்கிறாள். தாத்தாவின் வருமான வரிக் கணக்கை முந்தின நாளே போட்டுவிட்டாள், என்னிடம் சரிபார்க்கத்தான் வந்திருந்தாள்.

தாத்தா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 72. 2025-26இல் ஓய்வூதியம் 5,40,000 ரூபாய். அவர் பேரில் உள்ள டெபாசிட்டுக்கு வட்டி 1,12,500. அது முதிர்வில் மொத்தமாக வரும் டெபாசிட் என்பதால் பாஸ்புக்கில் வட்டியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் சேரும் வட்டிக்கு வங்கி வரிப் பிடித்தம் செய்யும். பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26AS அறிக்கையைப் பேத்தி எடுத்துப் பார்த்தபோதுதான் 11,250 ரூபாய் பிடித்திருப்பது தெரிந்தது.

"பிடிச்சுட்டான்லா, அதோட வரி முடிஞ்சுது" என்றார் தாத்தா.

"எனக்குப் பிடிக்கவே இல்ல, எனக்கு வரியே கிடையாது" என்றாள் ஆச்சி. அவள் பேரில் உள்ள டெபாசிட்டுக்கு மாதம் 7,500, வருடத்துக்கு 90,000 வட்டி.

இரண்டுமே தவறு. மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் வட்டி வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் 10% பிடிப்பார்கள். அந்த ஒரு லட்சம் பிடித்தத்துக்கான வரம்புதான், வரி விலக்கு அல்ல. அப்புறம், ஆச்சியின் டெபாசிட் தாத்தாவின் பணிக்கொடையில் போட்டது. கணவர் மனைவிக்குச் சும்மா கொடுத்த பணத்தின் வட்டியைக் கணவரின் வருமானத்தில்தான் சேர்க்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு இது தெரிவதில்லை.

பேத்தி சரியாகவே சேர்த்திருந்தாள். புதிய வரி முறையில் ஓய்வூதியத்தில் நிலையான கழிவு 75,000 போக 4,65,000. அதோடு இரண்டு வட்டியையும் சேர்த்தால் 6,67,500. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 5% என்றால் 13,375 ரூபாய் வரி. ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது முழுவதும் போய்விடும்.

வரி பூஜ்யம் என்றால் பிடித்த 11,250 திரும்ப வர வேண்டும். ரிட்டர்ன் போட்டால்தான் வரும். வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டியதால், வரி இல்லாவிட்டாலும் அவர் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். 2025 ஏப்ரலிலேயே வங்கியில், வரி வராது, பிடிக்க வேண்டாம் என்று சொல்லும் 15H படிவத்தைக் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. அப்படிப்பட்ட படிவத்தை ஒருமுறை கொடுத்தால் போதாது, வருடாவருடம் ஒவ்வொரு வங்கியிலும் கொடுக்க வேண்டும்.

"அப்போ என் பேர்ல கெடக்கது எனக்கில்லியாட்டி?" என்று ஆச்சி பேத்தியிடம் கேட்டாள். முகம் வாடிவிட்டது.

"பணம் ஒனக்குத்தான் ஆச்சி. வட்டிக்கு வரிக்கணக்கு மட்டும் தாத்தா பேர்ல. மாசாமாசம் வார வட்டியச் சேத்து நீ தனியா டெபாசிட் போட்டியோ, அதுல வார வட்டி ஒன் கணக்குதான்."

ஆச்சி தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். "அடுத்த மாசத்துலேர்ந்து அந்த 7,500-ஐக் கையில எடுக்காதீய."