பார்பிட்டுரேட்: சொல்லும் பொருளும்

1864-இல் ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் ஃபான் பேயர், மலோனிக் அமிலத்தையும் யூரியாவையும் இணைத்துப் புதிய சேர்மம் ஒன்றைக் கண்டார். அதுவே, பார்பிட்டுரேட் என்னும் மருந்துக் குடும்பத்துக்கு மூலமான பார்பிட்டூரிக் அமிலம். சொல்லின் பின்பாதி யூரியாவைக் குறிக்கிறது. முன்பாதிக்குப் பல கதைகள் உண்டு. புனித பார்பராவின் திருநாளான டிசம்பர் 4 அன்று பெயரிட்டார் என்பது அதிகம் சொல்லப்படுவது. பார்பரா என்ற பெண்ணின் பெயர் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை.

அந்த அமிலம் தூக்கம் தராது. 1903-இல் எமில் ஃபிஷரும் யோசப் ஃபான் மேரிங்கும் அதன் ஒரே கார்பனில் இரண்டு எத்தில் தொகுதிகளைச் சேர்த்த பிறகே உறங்கவைக்கும் பார்பிட்டால் கிடைத்தது. 'வெரோனால்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது அதுதான். 1912-இல் ஃபீனோபார்பிட்டால் வந்தது.

தமிழில் இந்தக் குடும்பத்தைத் 'தூக்க மாத்திரை' என்று எழுதுவது சரியல்ல. இன்று அந்தப் பெயரில் பெரும்பாலும் தரப்படுபவை வேறு வகை மருந்துகள், அபாயமும் வேறு. 'உறக்கமூட்டி' என்பதும் போதாது, ஏனெனில் வலிப்பை அடக்கவும் மயக்கம் தரவும் இவை பயன்படுகின்றன. எங்கள் தேர்வு: குடும்பப் பெயரை 'பார்பிட்டுரேட்' என்றே வைத்து, முதல் இடத்தில் 'நரம்புத் தணிப்பி' என்று விளக்கம் தருவது.

அபாயம் எங்கே இருக்கிறது? மூளையில் காபா என்னும் வேதிப்பொருள் நரம்பணுவின் குளோரைடு வாயிலைத் திறந்து அதன் துடிப்பை அடக்குகிறது. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பார்பிட்டுரேட்டின் இடத்தில் பின்னர் வந்த, டயசெபாம் போன்ற பென்சோடயசெபீன்கள் அந்த வாயில் அடிக்கடி திறக்க மட்டுமே உதவும். காபா இல்லாமல் அவற்றுக்கு வேலையில்லை. பார்பிட்டுரேட் வாயிலை நெடுநேரம் திறந்து வைக்கிறது. அளவு கூடினால் காபா இல்லாமலேயே திறந்துவிடுகிறது. ஆகவே அடக்கத்துக்கு உச்சவரம்பு இல்லை. உறக்கத்தைத் தாண்டி மூச்சை இயக்கும் மூளைத்தண்டும் அடங்குகிறது.

தொடர்ந்து சாப்பிடுபவருக்கு நிலைமை இன்னும் மோசம். கல்லீரல் நொதிகள் பெருகி மருந்தை வேகமாகச் சிதைக்கின்றன, மூளையும் பழகிப்போகிறது. பழைய அளவில் தூக்கம் வராததால் அவர் கூட்டுகிறார். ஆனால் மூச்சை நிறுத்தும் அளவு அதே வேகத்தில் உயர்வதில்லை. எனவே இரண்டுக்கும் இடையே முதலிலேயே குறுகியிருந்த இடைவெளி வாரத்துக்கு வாரம் சுருங்குகிறது. கூடவே மது சேர்ந்தால் மீதமிருப்பதும் போய்விடும். பயந்து சட்டென நிறுத்தவும் முடியாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நஞ்சானவருக்குக் குழறிய பேச்சு, தள்ளாட்டம், எழுப்ப முடியாத உறக்கம், மெலிந்த மூச்சு ஆகியவை தெரியும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பென்சோடயசெபீனுக்கு ஃபுளூமசெனில் இருப்பதுபோல் இதற்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சுக்குழாயைக் காத்து, செயற்கைச் சுவாசம் கொடுத்து, மருந்து வெளியேறும்வரை காத்திருப்பதே சிகிச்சையின் அடிப்படை. ஃபீனோபார்பிட்டால் உடலில் பாதியாகக் குறையவே மூன்று நான்கு நாள் ஆகலாம்.

பென்சோடயசெபீன்களான குளோர்டயசெபாக்சைடு 1960-இலும் டயசெபாம் 1963-இலும் வந்தபின் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பார்பிட்டுரேட் எழுதுவது படிப்படியாக நின்றது. வலிப்பு நோய்க்கும் பச்சிளங்குழந்தைகளின் வலிப்புக்கும் ஃபீனோபார்பிட்டால் இன்றும் கொடுக்கப்படுகிறது, உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.