ஜார்ஜெட் ஷாலை நனைப்பதற்கு முன்னால்

எங்கள் சலவைக் கடைக்குக் கெட்டுப்போய் வரும் ஷிஃபான், ஜார்ஜெட் ஷால்களில் பெரும்பாலானவை கசக்கித் துவைத்ததால் கெட்டவை அல்ல. இந்தத் துணியை யாரும் கல்லில் அடிப்பதில்லை, பார்த்தாலே பயம் வரும். கெடுதல் நடப்பது இரண்டு இடங்களில்: பக்கெட்டில் ஊறப் போடும்போது, அப்புறம் ஈரத்தோடு கொடியில் மடித்துப் போடும்போது.

ஒரு அக்கா கொண்டுவந்த ஷாலைச் சொன்னால் விளங்கும். மெரூன் நிற ஜார்ஜெட், அதில் வெள்ளைப் புள்ளி பாந்தினி, நான்கு ஓரமும் தங்க நிற லேஸ். சாயம் போகாமல் இருக்கட்டும் என்று கல் உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்திருக்கிறார். பிறகு பிழிந்து, கொடியில் நடுவில் மடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். எங்களிடம் வரும்போது கொடிக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிகள் ஓரளவு வெள்ளையாகவே இருந்தன. கீழே போகப் போக ரோஸ் நிறம் ஏறியிருந்தது. சாயம் கலந்த தண்ணீர் மேலிருந்து கீழே வடிந்து, நுனியில் தேங்கிக் காய்ந்திருக்கிறது. இன்னொரு விஷயம், லேஸ் அலை அலையாக நெளிந்திருந்தது. "லேஸ் தளர்ந்துபோச்சு, மாத்திக் குடுங்க" என்றார் அக்கா. லேஸ் அப்படியேதான் இருந்தது. துணிதான் சுருங்கி, லேஸின் நீளம் மிச்சமாகிவிட்டது.

ஏன் சுருங்குகிறது? ஷிஃபானும் ஜார்ஜெட்டும் மிக அதிகமாக முறுக்கிய நூலில் நெய்யப்படுபவை. வலப்பக்கம் முறுக்கிய நூலும் இடப்பக்கம் முறுக்கிய நூலும் மாறி மாறி வரும். தொட்டால் தெரியும் அந்த மெல்லிய சொரசொரப்பும், தோளிலிருந்து துவண்டு விழும் அழகும் அந்த முறுக்கிலிருந்துதான் வருகின்றன. பட்டு நூலும் விஸ்கோஸ் நூலும் தண்ணீர் குடித்தால் பருக்கும். முறுக்கிய நூல் பருத்தால் நீளம் குறையும். பாலியஸ்டர் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. அதன் முறுக்கும் ஆலையிலேயே சூட்டில் நிலைப்படுத்தப்பட்டுவிடும். அதனால் கடையில் "ஃபேன்சி ஜார்ஜெட்" என்று விற்கும் பாலியஸ்டர் ஷாலை வீட்டில் நிம்மதியாக அலசலாம். "ப்யூர் ஜார்ஜெட்" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதுதான் கவனம் கேட்கும்.

எந்த வகை என்று தெரியவில்லையா? மடிப்புத் தையலுக்குள் மறையும் ஒரு மூலையில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். அந்த இடம் சுருங்கிக் குமிழ் போல எழும்பினால் பட்டு அல்லது விஸ்கோஸ். சும்மா நனைந்து கிடந்தால் அநேகமாகப் பாலியஸ்டர். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரியும் வாடை என்றால் விஸ்கோஸ். உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். ஆறும்வரை அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது சாயம். வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை, நீங்கள் துவைக்கப்போகும் அதே சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஷாலில் மறைவான இடத்தில் வைத்து ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாகச் செய்ய வேண்டும். பச்சை நிற்கும், பக்கத்திலேயே சிவப்பு ஓடும். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால், அதுவும் ஷாலில் வெள்ளைப் பகுதி இருந்தால், வீட்டில் நனைக்கவே வேண்டாம். உப்பு சாயத்தை நிரந்தரமாகப் பிடித்து வைக்காது. உப்பை நம்பி ஊறவைக்கும் அந்த அரை மணி நேரம்தான் சாயம் வெளியே வரக் கிடைக்கும் அவகாசம்.

சோதனையில் தேறிய ஷாலைத் துவைக்கும் முறை இது. மோதிரம், வளையல் கழற்றுங்கள். பக்கெட்டின் உள்விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பக்கெட்டில் பிசிர் இருக்கும், நூல் அதில்தான் மாட்டும். அரை பக்கெட் குளிர்ந்த தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் திரவ சோப்பு போதும். கம்பளி, பட்டுக்கென்று விற்கும் காரமில்லாத வகையாக இருக்கட்டும். சாதாரண சோப்புத்தூளில் காரம் அதிகம். பட்டின் பளபளப்பு மங்கும், சாயமும் இளகும். கோடையில் மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும், அதனால் காலையிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாலை முழுவதும் ஒரே தடவையில் அமிழ்த்தி, மேலும் கீழுமாக மெல்ல அசைத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். கறை இருந்தால் தேய்க்காமல் உள்ளங்கையில் வைத்துத் தட்டிக் கொடுங்கள். விரலால் தேய்த்தால் நூல்கள் ஒதுங்கி, அந்த இடம் வலை போலத் தெரியும். அது அழுக்கும் இல்லை, கிழிசலும் இல்லை. ஆனால் ஒதுங்கிய நூலை முழுசாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது கஷ்டம். நனைந்த விஸ்கோஸின் பலம் பாதியளவுக்குக் குறைந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தூக்கும்போது ஒரு நுனியைப் பிடித்து இழுக்காமல் இரண்டு கையாலும் அள்ளி எடுங்கள்.

அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். நுரை போன பிறகும் ஒரு தண்ணீர் கூடுதலாக விடுங்கள். துணி விறைத்துத் துவள மறுப்பதற்குப் பல நேரம் காரணம் உள்ளே தங்கிய சோப்புதான். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இது இன்னும் மோசம். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சி, ஸ்டார்ச் பக்கமே போக வேண்டாம்.

இனி நேரத்தோடு போட்டி. பிழியாமல், வெள்ளைப் பருத்தித் துண்டின் மேல் ஷாலை விரித்து, பாய் போலச் சுருட்டி அழுத்துங்கள். துண்டு பாதித் தண்ணீருக்கு மேல் குடித்துவிடும். உடனே பிரித்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில் கட்டில் மேலோ ஸ்டாண்டின் மேலோ ஒற்றையாக விரித்துப் போடுங்கள். துணி துணியோடு ஒட்டிக் கிடக்கக் கூடாது. க்ளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் ஓரம் இழுபட்டுக் கோணலாகும், பிறகு எப்படிப் போட்டாலும் ஒரு பக்கம் இறங்கியே நிற்கும்.

சாயம் இறங்கியது ஈரமாக இருக்கும்போதே கண்ணில் பட்டால் காயவிடாதீர்கள். புதுத் தண்ணீரில் சில சொட்டு திரவ சோப்பு விட்டு உடனே அசைத்து அலசினால் ஓரளவு போகும். காய்ந்து, அயர்னும் போட்டுவிட்டால் கிட்டத்தட்ட முடிந்தது கதை. வெள்ளையாக்க ப்ளீச் ஊற்றினால் பட்டு நூலே அரித்துப்போகும்.

அயர்ன் போடும்போது சற்று ஈரம் இருக்க வேண்டும், அதுவும் ஷால் முழுக்க ஒரே சீராக. காய்ந்த பட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் வட்டம் வட்டமாகத் திட்டு விழும். மறுபக்கம் திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் நூல் ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள். கொஞ்சம் சுருங்கியிருந்தால் இந்த நேரத்தில் மென்மையாக இழுத்துக் கொடுத்தால் திரும்பும். நிறையச் சுருங்கியதற்கு ரோலிங் போடும் கடைதான். அந்த அக்காவின் ஷாலுக்கும் ரோலிங்தான் போட்டோம். நீளம் பெரும்பாலும் திரும்பி வந்தது, லேஸும் நேரானது. ரோஸ் புள்ளிகள் அப்படியே நின்றன.

சாயம் ஓடும் ஷாலைக் கடையில் கொடுக்கும்போது "ட்ரை வாஷ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்தப் பெயரில் தண்ணீரில் அலசித் தரும் கடைகளும் உண்டு. தண்ணீர் படாத பெட்ரோல் வாஷ்தானா என்று கேளுங்கள். கல், சமிக்கி ஒட்டியிருந்தால் அதைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். பசையில் ஒட்டியவை சில கரைப்பான்களில் கழன்று வந்துவிடும், அதைப் பார்த்த பிறகுதான் எந்த வாஷ் என்றே நாங்கள் முடிவு செய்வோம்.