பீய்ச்சி அடிக்கும் வாந்தியும் தடித்துப்போன தசையும்: கைக்குழந்தை ஸ்கேனில் நாங்கள் பார்ப்பது என்ன?

பால் குடித்ததும் கைக்குழந்தை கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கக்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தோளில் போட்டுத் தட்டும்போது ஏப்பத்தோடு வரும், துணி நனையும், குழந்தை தூங்கிப்போகும். எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் அதற்கு ஸ்கேன் தேவையில்லை. நான் சொல்ல வந்தது வேறு வகை வாந்தி. பிறந்து இரண்டு மூன்று வாரம் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை, குடித்த பாலை மொத்தமாகப் பீய்ச்சி அடிக்கும். மடியைத் தாண்டித் தரையில் போய் விழும். வாந்தி எடுத்த கையோடு மறுபடியும் பசித்து அழும், கொடுத்தால் ஆவலாகக் குடிக்கும், கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளியே வந்துவிடும். நாளுக்கு நாள் இது கூடிக்கொண்டே போகும்.

இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் பைலோரஸ் என்ற குறுகிய வாசல் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தசை சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு தடிக்கத் தொடங்குகிறது. தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வழி நெருங்கிப்போய், பால் கீழே இறங்க முடியாமல் நிற்கிறது. பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்பது இந்த நோயின் பெயர். இரைப்பை முழு பலத்தோடு அழுத்திப் பார்க்கும். வழி கிடைக்காமல் பால் மேலே திரும்பும். பெரும்பாலும் மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் இது தெரியவரும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகம், அதிலும் தலைச்சன் பிள்ளைகளுக்குச் சற்றுக் கூடுதல். பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், அந்த மருந்து எழுதப்பட்டிருந்தால் டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

என்னிடம் வந்த ஒரு குழந்தையின் கதை இதைத் தெளிவாக்கும். ஐந்து வாரம் முடிந்த ஆண் குழந்தை, வீட்டில் முதல் பிள்ளை. பிறந்தபோது 3.1 கிலோ, வந்த அன்று 3.3 கிலோ. அந்த வயதில் நான்கு கிலோவை நெருங்கியிருக்க வேண்டும். மூன்றாவது வாரத்தின் முடிவில் வாந்தி தொடங்கியிருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பால்பவுடரை இரண்டு முறை மாற்றியிருக்கிறார்கள். ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாட்டி உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, உரம் எடுப்பவரிடமும் கொண்டுபோயிருக்கிறார். தசை தடித்து அடைபட்ட வழி உரம் எடுப்பதால் திறக்காது. அதில் போன நாட்களில் குழந்தையின் உடலில் இருந்த நீர்தான் வற்றிப்போனது. இடையில் ஓர் இடத்தில் ஸ்கேனும் எடுத்திருந்தார்கள். அதில் தசையின் தடிமன் 2.6 மில்லிமீட்டர், அடைப்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது.

இப்படி ஒரு குழந்தை வந்தால் நான் முதலில் கேட்பது வாந்தியின் நிறத்தை. இந்த நோயில் பால் நிறம்தான் இருக்கும், தயிர்போலத் திரிந்தும் வரலாம். பித்தநீர் வந்து சேரும் இடத்துக்கு மேலேயே அடைப்பு இருப்பதால் பச்சை கலக்காது. பச்சையாக வாந்தி எடுத்தால் அது வேறு பிரச்சினை, குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். குடலுக்கு ரத்தம் போவது சில மணி நேரத்திலேயே நின்றுவிடக்கூடிய நிலை அது. அந்தக் குழந்தையை அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கு அப்போதே கொண்டுபோக வேண்டும், மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. இந்தக் குழந்தைக்கு எல்லாம் வெள்ளையாகத்தான் வந்திருந்தது.

சரி, ஸ்கேனுக்கு வருவோம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பெரியவர்களின் வயிற்றில் வைத்துப் பார்க்கும் ப்ரோப் இதற்கு ஆகாது. மேலோட்டமாக உள்ளதை நுணுக்கமாகக் காட்டும் நீளமான, உயர் அதிர்வெண் ப்ரோப்தான் வேண்டும். ஜெல்லைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்வோம், குளிர்ந்த ஜெல் பட்டால் குழந்தை வீறிட்டு அழும், வயிறு இறுகிவிடும். முதலில் பித்தப்பையைத் தேடுவேன், பைலோரஸ் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே இருக்கும். குழந்தையை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தால் இரைப்பையில் உள்ள பால் அந்த வாசலை நோக்கி வரும், காற்று விலகும், படம் தெளியும். வயிறு காலியாக இருந்தால் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கச் சொல்வோம். அளவு மிஞ்சினாலும் சிக்கல்தான். உப்பிய இரைப்பை பைலோரஸைப் பின்னால் தள்ளி மறைத்துவிடும்.

அந்தக் குழந்தைக்கு ப்ரோப்பை வைத்ததுமே இரைப்பை பெரிதாக விரிந்து, உள்ளே திரிந்த பால் மிதப்பது தெரிந்தது. சுவர் அலையலையாகச் சுருங்கி வலது பக்கம் தள்ளுகிறது, பைலோரஸ் அருகே போய் நின்று திரும்புகிறது. நீளவாக்கில் பார்த்தபோது, நடுவில் வெள்ளைக் கோடாகச் சளிச்சவ்வு, அதன் இருபுறமும் கறுப்புப் பட்டையாகத் தசை. அந்தக் கறுப்புப் பட்டையின் ஒரு பக்கத்தைத்தான் அளக்க வேண்டும். வெளி ஓரத்திலிருந்து, வெள்ளைச் சளிச்சவ்வு தொடங்கும் இடம் வரை. 4.8 மில்லிமீட்டர் இருந்தது. அந்தக் குறுகிய வழியின் நீளம் 19 மில்லிமீட்டர். பொதுவாகத் தசை 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும், நீளம் 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். வலது விலாவுக்குக் கீழே விரலால் தடவினால், சில குழந்தைகளுக்கு அந்தத் தசை சின்ன நெல்லிக்காய் அளவில் கெட்டியாகக் கையில் தட்டுப்படும். அழுகிற குழந்தையிடம் அதைக் கண்டுபிடிக்க நிறையப் பொறுமை வேண்டும். 1977இல் ரீட்டா டீலும் ஸ்மித்தும் இந்தத் தசையை அல்ட்ராசவுண்டில் காட்டிய பிறகு, கைக்குத் தட்டுப்படாத குழந்தைகளுக்கும் நோயை உறுதிசெய்வது எளிதாயிற்று.

குழந்தையின் அப்பா பழைய ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “போன ஸ்கேன்ல ஒண்ணுமில்லைனு எழுதியிருந்தாங்களே டாக்டர், அப்ப அது தப்பா?” என்று கேட்டார். தப்பு என்று சொல்ல முடியாது. அந்த ஸ்கேன் எடுத்தது வாந்தி தொடங்கிய மூன்றாம் நாள். தசை ஒரே நாளில் தடிப்பதில்லை, நாட்கணக்கில் ஏறுகிறது. 2.6 என்பது அன்றைய அளவு. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட எண் வந்தால், வாந்தி நிற்காவிட்டால் ஓரிரு நாளில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டிலேயே எழுதிவிடுவது என் வழக்கம். குறைமாதக் குழந்தைகளிலும், மிகச் சிறிய குழந்தைகளிலும் தசை மூன்றைத் தொடாமலேயே அடைப்பு இருக்கக்கூடும். ஆகையால் எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பைலோரஸ் சில நேரம் சும்மா இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்போது பார்த்தால் தடித்தது போலவே தெரியும். அதனால் ப்ரோப்பை எடுக்காமல் பத்து நிமிடமாவது பார்த்துக்கொண்டிருப்பேன். வெறும் இறுக்கமாக இருந்தால் இடையில் தளரும், வாசல் திறக்கும், பால் சிறுகுடலுக்குள் வழுக்கி இறங்குவது கண்ணுக்கே தெரியும், அளவும் மாறிக்கொண்டே இருக்கும். உண்மையான நோயில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தத் தசை அப்படியே நிற்கும். இன்னொன்று, ப்ரோப்பைச் சாய்வாக வைத்து ஓரமாக வெட்டினால் மெல்லிய தசைகூடத் தடித்ததாகக் காட்டும். சரியாக நடுவில், இரு பக்கத் தசையும் ஒரே அளவாக வரும்படி பிடித்துத்தான் அளக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று அவசரப்படும் இடம் இதுவல்ல.

நோய் உறுதியானதும் அம்மா கேட்டது, “இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிடலாமா?” என்று. பெற்றவர்களின் பதற்றம் எனக்குப் புரியும். ஆனால் இங்கே அவசரம் கத்திக்கு இல்லை, டிரிப்ஸுக்குத்தான். வாந்தியில் தண்ணீரோடு இரைப்பையின் அமிலமும் குளோரைடும் போய்விடுகின்றன. இரத்தத்தில் அமிலம் குறைந்து காரத்தன்மை ஏறுகிறது, பொட்டாசியமும் இறங்குகிறது. இந்தக் குழந்தைக்குக் குளோரைடு 86, காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் 35, பொட்டாசியம் 3.1 இருந்தன. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது, காலையிலிருந்து ஒரு துணிதான் நனைந்திருந்தது. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால், அறுவை முடிந்த பிறகு குழந்தை மூச்சுவிடுவதை இடையிடையே நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. இரத்தம் காரமாக இருக்கும்போது மூச்சைத் தூண்டும் வேகமே குறைந்துவிடுகிறது. அதனால் முதலில் உப்பு கலந்த டிரிப்ஸ், சிறுநீர் நன்றாகப் போன பிறகு பொட்டாசியம். குளோரைடு நூறைத் தாண்டி, பைகார்பனேட் முப்பதுக்குக் கீழே வரும்வரை காத்திருப்பார்கள். இவனுக்கு ஒன்றரை நாள் ஆனது.

இன்னொரு நோயையும் இந்த இரத்தப் பரிசோதனை பிரித்துக் காட்டும். அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ள குழந்தையும் இதே வயதில் வாந்தி எடுத்து வாடி வரும். ஆனால் அங்கே பொட்டாசியம் ஏறியிருக்கும், இரத்தம் அமிலமாக இருக்கும். ஸ்கேனில் தசை மெல்லியதாக இருந்து பொட்டாசியம் அதிகமாக இருந்தால் அந்தப் பக்கம் உடனே யோசிக்க வேண்டும்.

அறுவையில் தசையை வெட்டி எடுப்பதில்லை. நீளவாக்கில் கீறி இரண்டாகப் பிளந்து விடுவார்கள், உள்ளே இருக்கும் சளிச்சவ்வைத் தொடாமல். நடுவில் இருந்த நெருக்கம் விடுபட்டு வழி திறந்துவிடும். ஜெர்மனியின் கான்ராட் ராம்ஸ்டெட் 1912இல் எழுதிய முறை, இன்றும் அதேதான், லேப்ராஸ்கோப்பிலும் செய்கிறார்கள். சில மணி நேரத்திலேயே பால் கொடுக்கத் தொடங்கலாம்.

வீட்டுக்குப் போகும் முன் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினோம். முதல் ஓரிரு நாள் சிறிதாக வாந்தி வரலாம், இரைப்பை வீங்கியிருந்த களைப்பு அது, பாலை நிறுத்த வேண்டாம். இரண்டாவது, பயத்தில் எங்காவது போய் ஒரு வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் தசை இன்னும் தடிமனாகத்தான் தெரியும். பிளந்த தசை மெல்லியதாகப் பல வாரங்கள் ஆகும், அந்த எண்ணை வைத்து மறு அறுவை பேசக் கூடாது. ஒவ்வொரு தடவையும் பழையபடி பீய்ச்சி அடித்து, ஒரு வாரத்தைத் தாண்டியும் நிற்காமல் இருந்தாலோ, வயிறு உப்பிக் காய்ச்சல் வந்தாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ நேராக அறுவை செய்த டாக்டரிடமே வர வேண்டும். மற்றபடி எடை மெஷின் போதும். இரண்டு வாரம் கழித்து அவன் 3.9 கிலோ இருந்தான்.